காசு சொல்லும் சமயம்

பள்ளி வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு தொடரை அடிக்கடி காணலாம்: “கனிஷ்கர் பௌத்தர், அவர் வெளியிட்ட காசில் புத்தர் உருவம் இருப்பதே இதற்குச் சான்று.” இத்தொடரில் இரண்டு செய்திகள் உள்ளன. காசில் புத்தர் உருவம் உண்டு என்பது ஒன்று. அது உண்மை. கனிஷ்கர் பௌத்தர் என்பது மற்றொன்று. அது ஒரு முடிவு. முதற்செய்தியிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழியில் பல படிகள் இருக்கின்றன. அப்படிகளை ஏறாமல் தாவிவிடுவதே இத்தகைய கட்டுரைகளின் குறை. கனிஷ்கரின் காசையே எடுத்துக்கொண்டு அப்படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

காசில் காணப்படுவன

குஷாணப் பேரரசர் கனிஷ்கர் கி.பி. 127 அளவில் அரியணை ஏறினார் என ஆய்வாளர் பலர் இன்று கொள்கின்றனர். இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வட இந்தியா ஆகியவற்றின் பெரும்பகுதி அவர் ஆட்சியில் இருந்தது. பொன்னிலும் செம்பிலும் அவர் காசுகள் வெளியிட்டார். பொற்காசின் எடை ஏறத்தாழ எட்டு கிராம்.

புத்தர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்று இங்கிலாந்தில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முன்பக்கத்தில் அரசர் நின்ற கோலத்தில் உள்ளார். நீண்ட மேலங்கியும் காலணியும் அணிந்திருக்கிறார். அவரது வலக்கை ஒரு சிறிய தீப்பீடத்தின்மேல் நீண்டிருக்கிறது. இடக்கை ஈட்டியைப் பற்றியிருக்கிறது. தோளிலிருந்து தீச்சுடர்கள் எழுகின்றன. சுற்றிலும் ‘அரசர்க்கரசர், குஷாணர் கனிஷ்கர்’ என்னும் பொருள்தரும் பொறிப்பு கிரேக்க எழுத்தில் அமைந்துள்ளது. எழுத்துதான் கிரேக்கம், மொழி பாக்திரியம். கிரேக்கத்தில் இல்லாத ‘ஷ’ ஒலிக்காக ஒரு புதிய எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பின்பக்கத்தில் புத்தர் நேர்முகமாக நிற்கிறார். தலையையும் உடலையும் சூழ்ந்து ஒளிவட்டங்கள் உள்ளன. வலக்கை அபய முத்திரை காட்டுகிறது. இடக்கை ஆடையின் ஓரத்தைப் பற்றியிருக்கிறது. பக்கத்தில் ‘போத்தோ’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அது ‘புத்தர்’ என்பதன் பாக்திரிய வடிவம். அரச குலத்துக்குரிய குறியீடு ஒன்றும் அருகில் உண்டு.

கட்டுரை எழுதும் மாணவர் இந்த அளவில் சற்று நிற்க வேண்டும். இதுவரை சொன்னவை கண்ணால் கண்டவை மட்டுமே. ‘அரசர் புத்தரை வணங்குகிறார்’ என்று காசில் எங்கும் இல்லை. அரசர் ஒரு பக்கத்தில் இருக்கிறார். புத்தர் மறுபக்கத்தில் இருக்கிறார். அரசரின் கை நீள்வது புத்தரை நோக்கியன்று, தீப்பீடத்தை நோக்கி. தீப்பீடத்தில் படையலிடுவது பௌத்த வழிபாட்டு முறையும் அன்று. அது ஈரானிய மரபில் வேரூன்றியது. ஆகவே முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே சமயத்தைப் பேசுகின்றன என்று கொள்வதற்கும் இடமில்லை. படத்தில் உள்ள பின்பக்கத்தை மட்டும் பார்த்து எழுதுவோர் இதைத் தவறவிட்டுவிடுகின்றனர். பாடநூல்களும் பெரும்பாலும் பின்பக்கத்தையே அச்சிடுவதால் பிழை மாணவருடையது மட்டுமன்று.

யாருடைய குரல்

காசை அச்சிட்டவர் அரசரா? இல்லை. அக்கசாலையில் அச்சுக் கட்டையைச் செதுக்கியவர் ஒரு கைவினைஞர். அவருக்கு ஆணையிட்டவர் ஓர் அதிகாரி. இன்ன தெய்வத்தைப் பொறிக்க வேண்டும் என்னும் முடிவு அரசவையில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அக்கசாலை அதிகாரியின் அளவிலேயே முடிந்ததாகவும் இருக்கலாம். அரசரின் பெயரும் உருவமும் ஒரு பக்கத்தில் இருப்பதால், மறுபக்கத்தில் உள்ள தெய்வத்தை அரசு ஏற்றுக்கொண்டது என்ற அளவில் உறுதியாகச் சொல்லலாம். அரசு மறுத்த ஓர் உருவம் பொற்காசில் இடம்பெறாது. இதற்குமேல் அரசரின் உள்ளத்தில் இருந்த நம்பிக்கை எது என்பதைக் காசு காட்டாது.

‘ஆதரவு’ என்னும் சொல்லையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் அரசர் ஒரு சமயத்தை ஆதரித்தார் என்று சொன்னால், விகாரையோ கோயிலோ கட்டினார், நிலம் அளித்தார், துறவியர்க்கு உணவும் உறையுளும் கொடுத்தார், வரி நீக்கினார் என்பன போன்ற செயல்கள் அதில் அடங்குகின்றன. இச்செயல்களைப் பதிவு செய்வன கல்வெட்டும் செப்பேடும். தெய்வ உருவம் பொறித்த காசு ஒரு கொடையன்று. அது ஓர் அறிவிப்பு. அரசு ஒரு தெய்வத்தைத் தன் பெயரோடு சேர்த்துப் பலருடைய கைகளில் கொடுக்கிறது. அறிவிப்புக்குப் பின்னால் கொடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கட்டுரையில் வரும் வினைச்சொற்கள் தாமாகவே திருந்திவிடும். ‘ஆதரித்தார்’ என்று எழுத வந்த கை, ‘பொறிப்பித்தார்’ என்றோ ‘தம் காசில் இடமளித்தார்’ என்றோ எழுதும்.

ஒரு காசும் பல காசுகளும்

கனிஷ்கரின் காசுகளில் புத்தர் மட்டும் இருந்திருந்தால், அவருடைய சமயச் சார்பைப் பற்றிச் சற்று உறுதியோடு பேசலாம். ஆனால் நிலைமை அவ்வாறில்லை. அவர் காசுகளின் பின்பக்கங்களைத் திரட்டி அடுக்கினால் தெய்வங்களின் பேரவையே கண்முன் நிற்கிறது. ஞாயிற்றுக் கடவுள் மீரோ, திங்கட் கடவுள் மாவோ, தீக்கடவுள் அத்ஷோ, காற்றுக் கடவுள் ஓவதோ, நானா என்னும் பெண் தெய்வம், சூலம் ஏந்திய ஓவேஷோ ஆகியோர் அவர்களுள் சிலர். இவர்களோடு ஒப்பிட்டால் புத்தர் காசுகள் மிகக் குறைவு. புத்தர் உருவம் கொண்ட பொற்காசுகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. செம்பில் சற்று மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றில் சாக்கிய முனிவரான புத்தரும், இனி வரவிருக்கும் புத்தராகிய மைத்திரேயரும் பெயர் குறித்தே காட்டப்பட்டுள்ளனர். எனினும் செப்புக்காசுகளின் மொத்தத் தொகையிலும் அவை சிறுபகுதியே.

எண்ணிக்கையை எப்படிப் பயன்படுத்துவது? ஓர் அருங்காட்சியகத்தின் காட்சிப் பேழையில் நான்கு கனிஷ்கர் காசுகள் இருந்து, அவற்றில் ஒன்று புத்தர் காசாக இருந்தால், நான்கில் ஒரு பங்கு புத்தர் காசு என்று முடிவு செய்துவிடக் கூடாது. அரிய காசுகளையே அருங்காட்சியகங்கள் விரும்பிச் சேர்க்கின்றன. பேழையிலும் அவற்றையே வைக்கின்றன. நூல்களும் அவற்றின் படங்களையே அச்சிடுகின்றன. இதனால் உலகில் மிகக் குறைவாக உள்ள காசு, படத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. கனிஷ்கரின் புத்தர் காசு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதைந்திருந்து ஒருசேரக் கிடைத்த காசுக் குவியலையோ, ஓர் அகழாய்விடத்தில் கிடைத்த எல்லாக் காசுகளின் பட்டியலையோ கொண்டு எண்ணினால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு.

இனி, காசுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது மேலும் ஒரு செய்தி புலப்படுகிறது. கனிஷ்கரின் தொடக்கக் காலக் காசுகளில் மொழியும் கிரேக்கமே. தெய்வங்களின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்: ஞாயிற்றுக்கு ஹீலியோஸ், தீக்கும் உலைக்களத்துக்கும் ஹெபைஸ்டோஸ். சில காலத்துக்குப் பின் காசின் மொழி பாக்திரியமாக மாறுகிறது. அப்போது ஹீலியோஸ் நின்ற இடத்தில் அதே தோற்றத்தில் அதே ஒளிக்கதிர்களோடு மீரோ நிற்கிறார். ஹெபைஸ்டோஸ் கையில் இருந்த கொல்லுலைக் குறடு அத்ஷோவின் கைக்கு வந்துவிடுகிறது. உருவம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

இதை மட்டும் பார்த்து, கனிஷ்கர் கிரேக்கச் சமயத்தைக் கைவிட்டு ஈரானியச் சமயத்தைத் தழுவினார் என்று ஒருவர் எழுதக்கூடும். அது அவசர முடிவு. 1993ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் ரபாதக் என்னும் இடத்தில் கனிஷ்கர் காலக் கல்வெட்டொன்று கிடைத்தது. மொழியியல் அறிஞர் நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் அதைப் படித்து வெளியிட்டார். கிரேக்க மொழியில் வழங்கிய ஆணையை ‘ஆரிய’ மொழியில், அதாவது பாக்திரியத்தில் ஆக்கியதாக அக்கல்வெட்டு கூறுகிறது. காசில் நிகழ்ந்த மாற்றமும் இதுவே. ஆகவே நடந்தது மதமாற்றமன்று. அரசு தன் ஆட்சி மொழியை மாற்றியது. தெய்வங்களின் பெயர்களும் அம்மொழிக்கேற்ப மாறின. கல்வெட்டு கிடைத்திராவிட்டால் காசை மட்டும் கொண்டு இதை இத்துணைத் தெளிவாக நிறுவியிருக்க முடியாது.

அக்கல்வெட்டு மேலும் ஒரு வகையில் பயன்படுகிறது. கனிஷ்கர் தம் அரசுரிமையை நானாவிடமிருந்தும் எல்லாத் தெய்வங்களிடமிருந்தும் பெற்றார் என்று அது சொல்கிறது. அவர் ஆணைப்படி எழுப்பப்பட்ட கோயிலில் அமைய வேண்டிய தெய்வங்களை அது பெயர் கூறி வரிசைப்படுத்துகிறது. நானா, மீரோ முதலியோர் அவ்வரிசையில் உள்ளனர். புத்தர் பெயர் அதில் இல்லை. காசுகளில் நானாவும் மீரோவும் மிகுதியாகவும் புத்தர் அரிதாகவும் காணப்படுவதோடு இது பொருந்துகிறது. தனித்தனியே எழுந்த இரண்டு சான்றுகள் ஒன்றையே சொல்லும்போது கட்டுரையாளர் சற்று அழுத்தமாக எழுதலாம்.

கிடைத்த இடம்

ஒரு காசு எங்கே கிடைத்தது என்பது, அதில் என்ன பொறித்திருக்கிறது என்பதற்கு இணையான சான்று. முன்னர்க் கூறிய பிரிட்டிஷ் அருங்காட்சியகப் புத்தர் காசு, ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத்துக்கு அருகே அஹின் போஷ் என்னும் இடத்தில் உள்ள தூபியிலிருந்து வந்தது. 1879இல் வில்லியம் சிம்ப்சன் அத்தூபியை அகழ்ந்தார். தூபியின் நடுவில் புனிதப் பொருள் வைத்த இடத்தில் பொற்காசுகள் இருந்தன.

பௌத்தத் தூபிக்குள் கனிஷ்கரின் புத்தர் காசு! அரசரே அதை அங்கே வைத்தார் என்று எழுதத் தோன்றும். உடனிருந்த பிற காசுகளைப் பார்த்தால் அவ்வாறு எழுத முடியாது. அங்கே கனிஷ்கருக்கு முந்திய விம காட்பீசஸின் காசுகளும், கனிஷ்கருக்குப் பின் ஆண்ட ஹுவிஷ்கரின் காசும், உரோமப் பேரரசர் டொமிஷியன், டிராஜன் ஆகியோர் காசுகளும், பேரரசர் ஹேட்ரியனின் மனைவி சபீனாவின் காசும் இருந்தன. ஒரு குவியலில் உள்ள காசுகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அது அச்சாகும் முன் அக்குவியல் வைக்கப்பட்டிருக்க முடியாது. ஹுவிஷ்கர் காசு அங்கே இருப்பதால், காசுகள் வைக்கப்பட்டது கனிஷ்கர் ஆட்சிக்குப் பின்னர் என்பது உறுதியாகிறது.

அப்படியானால் அஹின் போஷ் நமக்குச் சொல்வது என்ன? கனிஷ்கருக்குப் பின் வாழ்ந்த ஒருவரோ சிலரோ அத்தூபிக்குப் பொன் காணிக்கை வைத்தனர். அவர்களுள் யாரோ ஒருவர் கையில் புத்தர் பொறித்த காசு இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தே வைத்திருக்கவும் கூடும். இது பொதுமக்களின் அல்லது செல்வரின் பக்திக்குச் சான்று. கனிஷ்கரின் கொடைக்குச் சான்றன்று. காசில் உள்ள பெயர் வெளியிட்டவருடையது. காசு கிடைத்த இடம் அதைக் கடைசியாகக் கையாண்டவருடையது. இவ்விருவரையும் ஒருவராக்கிவிடுவது, காசுகளைக் கொண்டு எழுதும் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் பிழை. கிடைத்த இடம் குறிப்பிடப்படாத காசுகளும் பல உண்டு. வணிகர் கைமாறி வந்த அத்தகைய காசுகளின் பொறிப்பை மட்டுமே பயன்படுத்தலாம். அவற்றிலிருந்து வழிபாட்டிடங்களைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

பெயர்களின் மயக்கம்

ஓவேஷோ என்னும் தெய்வத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். கனிஷ்கர் காசில் இத்தெய்வத்துக்கு நான்கு கைகள். ஒன்றில் சூலம், மற்றொன்றில் மான். தமிழ் மாணவர் எவரும் உடனே ‘சிவபெருமான்’ என்றே சொல்வர். தோற்றம் அவ்வாறே இருக்கிறது. ஆனால் அருகில் எழுதியுள்ள பெயர் சிவன் அன்று, ஓவேஷோ. அப்பெயர் ஈரானியக் காற்றுத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. உருவம் இந்தியாவையும் பெயர் ஈரானையும் காட்டுகின்றன. ஒருவேளை இந்த இருமையே அரசின் நோக்கமாக இருந்திருக்கலாம். காசு காந்தாரத்திலும் புழங்கியது, பாக்திரியாவிலும் புழங்கியது. கட்டுரையில் ‘சிவன்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், ‘சிவனை ஒத்த தோற்றமுடைய ஓவேஷோ’ என்று எழுதுவதே நேர்மை.

விம காட்பீசஸின் காசிலும் இத்தகைய சிக்கல் உண்டு. அவருடைய காசின் பின்பக்கத்தில் கரோஷ்டி எழுத்தில் நீண்ட பட்டமொன்று உள்ளது. அதில் ‘மஹிஸ்வர’ என்னும் சொல் வருகிறது. மகேசுவரனின் அடியவர் என்று அதற்குப் பொருள் கொண்டு, அவரைச் சைவர் என்பர் சிலர். ஆனால் கரோஷ்டியில் குறிலும் நெடிலும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. அதனால் அச்சொல்லை ‘மஹீ + ஈசுவர’ என்று பிரித்து, மண்ணுலகின் தலைவர் என்றும் பொருள் கொள்ளலாம். அதற்கு முன்னே ‘எல்லா உலகுக்கும் தலைவர்’ என்னும் பட்டம் இருப்பதால் இப்பொருளும் நன்கு இயைகிறது. காளையோடு நிற்கும் சூலமேந்திய தெய்வம் அவர் காசில் இருப்பது முதற்பொருளுக்குத் துணை. இரண்டில் ஒன்றை ஏற்கலாம்; ஆனால் மற்றொன்று இல்லாததுபோல எழுதலாகாது.

அரசர் பெயரைக் கொண்டு சமயத்தை முடிவு செய்வதும் சரியன்று. பிற்காலக் குஷாண அரசர் ஒருவரின் பெயர் வாசுதேவர். அது கண்ணனைக் குறிக்கும் பெயர். அவர் காசுகளின் பின்பக்கத்தில் மிகுதியாகக் காணப்படுவதோ காளையோடு நிற்கும் ஓவேஷோ. பெயர் ஒரு திசையிலும் காசு மற்றொரு திசையிலும் செல்கின்றன.

இதற்கு மாறாக, அரசர் தம் சமயத்தைத் தாமே சொல்லும் காசுகளும் உண்டு. குப்தப் பேரரசர் இரண்டாம் சந்திரகுப்தரின் வெள்ளிக்காசுகளில் ‘பரம பாகவத’ என்னும் பட்டம் உள்ளது. திருமாலின் பெருந்தொண்டர் என்பது அதன் பொருள். இங்கே உருவத்தை நம்பி ஊகிக்க வேண்டிய தேவையில்லை. அரசரின் பெயரோடு சமயமும் எழுத்தில் இணைந்திருக்கிறது. கனிஷ்கரின் காசில் இத்தகைய பட்டம் எதுவும் இல்லை. அவர் தம்மை அரசர்க்கரசர் என்கிறார். பௌத்தர் என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு காசு எதைச் சொல்லியிருக்கக்கூடும் என்பதை அறிந்திருந்தால்தான் அது சொல்லாமல் விட்டதன் பொருள் விளங்கும்.

ஆதரவுக்குச் சான்று எங்கே

இவ்வளவையும் படித்த மாணவர், கனிஷ்கருக்கும் பௌத்தத்துக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது எதிர்த்திசையில் செய்யும் அதே தாவல். பெஷாவருக்கு அருகே ஷா-ஜி-கி-தேரி என்னும் இடத்தில் இருந்த பெருந்தூபியை 1908-09ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, செம்புக் கலவையால் ஆன தாதுப்பேழை ஒன்று கிடைத்தது. அதன்மேல் உள்ள கரோஷ்டிப் பொறிப்பு ‘கனிஷ்கரின் விகாரை’யைக் குறிப்பிடுகிறது. சர்வாஸ்திவாதப் பிரிவைச் சேர்ந்த பௌத்த ஆசிரியர்களுக்கு அக்கொடை உரியது என்றும் அது கூறுகிறது. கனிஷ்கர் பெயரால் ஒரு விகாரை விளங்கியது என்பது இதனால் தெரிகிறது. இது காசைவிட ஆதரவுக்கு நெருங்கிய சான்று. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், கனிஷ்கர் எழுப்பிய பெருந்தூபியையும் அவர் கூட்டிய பௌத்தப் பேரவையையும் பற்றி எழுதியுள்ளார். ஆனால் அவர் எழுதியது கனிஷ்கருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் கேட்ட செய்திகள் விகாரைகளில் வழங்கிய மரபுச் செய்திகள். பேழையின் பொறிப்புக்கும் யுவான் சுவாங்கின் குறிப்புக்கும் ஒரே எடை தர இயலாது.

கட்டுரையாக்கும் முறை

இப்போது வினாவை எடுத்துக்கொள்வோம்: ‘கனிஷ்கரின் காசுகள் அவரது சமய ஆதரவைப் பற்றி அறிவிப்பன யாவை?’ இருநூறு சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும். முதல் வரைவில் பெரும்பாலும் இவ்வாறு வரும்:

“கனிஷ்கர் சிறந்த பௌத்தர். அவர் புத்தரை மிகவும் நேசித்ததால் தம் காசுகளில் புத்தர் உருவத்தைப் பொறித்தார். தூபியில் அவர் வைத்த காசு இதை மெய்ப்பிக்கிறது. அவர் சிவனையும் வணங்கினார். எனவே அவர் எல்லாச் சமயங்களையும் சமமாக ஆதரித்தார்.”

ஐந்து தொடர்களிலும் குறை உண்டு. ‘நேசித்ததால்’ என்பது உள்ளத்தைப் பற்றிய செய்தி. காசு அதற்குச் சாட்சியாகாது. தூபியில் காசு வைத்தவர் அரசர் அல்லர். ‘சிவன்’ என்னும் பெயர் காசில் இல்லை. கடைசித் தொடரில் உள்ள ‘சமமாக’ என்னும் சொல் எல்லாவற்றினும் பெரிய பிழை. அது ஓர் எண்ணிக்கைச் செய்தி. காசுகளின் எண்ணிக்கையோ அதற்கு நேர் எதிரானது. பலவகைத் தெய்வங்களைக் கண்டவுடன் ‘சமயப் பொறை’ என்று எழுதிவிடும் பழக்கம் தேர்வு விடைத்தாள்களில் ஊறிவிட்டது. பல நிலப்பகுதிகளில் பல மக்கள் கையாளும் காசில் பல தெய்வங்களை இடுவதற்கு ஆட்சி நடத்தும் திறமும் ஒரு காரணமாகலாம். அதைப் பொறை என்று மட்டும் பெயரிட்டால் வினா பாதியில் நின்றுவிடும்.

திருத்தி எழுதிய விடை இவ்வாறு அமையலாம்:

“கனிஷ்கரின் காசுகளில் முன்பக்கத்தில் அரசர் தீப்பீடத்தின்மேல் கை நீட்டி நிற்கிறார், பின்பக்கத்தில் ஒரு தெய்வம் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. நானா, மீரோ, சிவனை ஒத்த ஓவேஷோ முதலிய தெய்வங்களே மிகுதி. புத்தர் உருவம் பொன்னிலும் செம்பிலும் உண்டு, ஆனால் அரிது. ஆகவே அரசு பல மரபுத் தெய்வங்களைத் தன் பெயரோடு இணைத்து அறிவித்தது என்றும், புத்தரும் அவ்வறிவிப்பில் இடம்பெற்றார் என்றும் கூறலாம். தொடக்கக் காசுகளில் இருந்த கிரேக்கப் பெயர்கள் பின்னர்ப் பாக்திரியப் பெயர்களாயின. ரபாதக் கல்வெட்டு இதை மொழிமாற்றமாகவே காட்டுகிறது. சமயமாற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. அக்கல்வெட்டில் அரசுரிமை நானாவிடமிருந்து பெறப்பட்டதாகக் கூறப்படுகிறது, புத்தர் குறிப்பிடப்படவில்லை. அஹின் போஷ் தூபியில் கிடைத்த புத்தர் காசு பிற்கால வழிபாட்டாளரின் காணிக்கை. பௌத்தத்துக்கு அரச ஆதரவு இருந்தது என்பதற்குப் பெஷாவர்த் தாதுப்பேழையில் உள்ள ‘கனிஷ்கரின் விகாரை’ என்னும் குறிப்பே காசினும் வலிய சான்று. கனிஷ்கரின் சொந்த நம்பிக்கையைக் காசுகள் தெரிவிப்பதில்லை.”

இவ்விடையில் ஒவ்வொரு முடிவுக்கு முன்னும் அதற்குரிய சான்று நிற்பதைக் காணலாம். ‘கூறலாம்’, ‘கொள்ள வேண்டியதில்லை’ என்னும் முற்றுகள் சான்றின் வலிமைக்கு ஏற்ப வந்துள்ளன. ‘அரிது’ என்று எழுதியவர் அதற்கு விழுக்காடு தரவில்லை. கையில் முழுப் பட்டியல் இல்லாதபோது விழுக்காடு தருவது பொய்த் துல்லியம். கட்டுரையில் காசின் படத்தைச் சேர்த்தால் இருபக்கங்களையும் சேர்க்க வேண்டும். படத்தின் கீழே அரசர் பெயர், உலோகம், காசு இருக்கும் அருங்காட்சியகம், தெரிந்தால் கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறிப்பது போதும்.

இதே வினாவை வாசுதேவருக்குக் கேட்டால் விடையின் போக்கு வேறாகும். அவர் காசுகளில் தெய்வங்கள் மிகச் சிலவே. ஓவேஷோ திரும்பத் திரும்ப வருகிறார். அங்கே ‘அரசு ஒரு தெய்வத்தையே முதன்மையாக அறிவித்தது’ என்று துணிந்து எழுதலாம். அதன்பின் எழும் வினா வேறு: கனிஷ்கர், ஹுவிஷ்கர் காலங்களில் பல தெய்வங்களைக் காட்டிய அக்கசாலை ஏன் சுருங்கியது? அரசரின் விருப்பமா, நாட்டின் எல்லை குறுகியதா, எளிய அச்சே போதும் என்னும் சிக்கனமா? இவற்றுள் எதையும் காசின் பின்பக்கம் மட்டும் சொல்லிவிடாது. அவர் காலக் கல்வெட்டுகளையும் காசுகள் கிடைத்த ஊர்களையும் வரைபடத்தில் குறித்துத்தான் தொடங்க வேண்டும்.